ஆறு மாதமும் ஒரு நாளும்: பணிக்கொடையில் ஆண்டுக் கணக்கு எப்படி முழுமையாகிறது

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்த ஒருவர், கணக்கு முடித்துக் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பல ஆண்டுகள் ஆலை ஒன்றின் சம்பளப் பிரிவில் இருந்தவன் என்பதால் இப்படிப்பட்ட தாள்களைப் பார்க்கச் சொல்லிப் பலர் வருவதுண்டு. அவருடைய தாளில் வேலையில் சேர்ந்த நாள் 12.06.2009 என்றும், கடைசியாக வேலை பார்த்த நாள் 20.01.2025 என்றும் இருந்தது. அதற்குக் கீழே, “பணிக்கொடைக்கான பணிக்காலம்: 15 ஆண்டுகள்” என்று எழுதியிருந்தார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “பதினைந்து வருடத்துக்கு மேல் ஏழு மாதம் வேலை பார்த்திருக்கிறேனே, அந்த ஏழு மாதம் எங்கே போனது?”

கேள்வி நியாயமானது. அந்த ஏழு மாதம் எங்கும் போயிருக்கக் கூடாது. அது ஒரு முழு ஆண்டாகக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். எதனால் என்பதை முதலில் சொல்கிறேன். பிறகு அந்த ஆலை எப்படிப் பதினைந்துக்கு வந்து சேர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

பணிக்கொடை என்பது நீண்ட காலம் வேலை பார்த்தவர் விலகும்போதோ ஓய்வு பெறும்போதோ முதலாளி ஒரே தொகையாகத் தர வேண்டிய பணம். ‘கிராஜுவிட்டி’ என்றுதான் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் சொல்வார்கள். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடை வழங்கல் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. இந்தத் தொழிலாளி விலகியபோது நடப்பில் இருந்ததும் அந்தச் சட்டமே. எவ்வளவு தர வேண்டும் என்பதை அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. வேலை பார்த்து முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஆண்டின் பகுதிக்கும், கடைசியாக வாங்கிய சம்பள விகிதத்தில் பதினைந்து நாள் ஊதியம் தர வேண்டும் என்பது அதன் சாரம். நாம் பேசப்போவது முழுவதும் அந்த “ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி” என்ற சிறு தொடரைப் பற்றித்தான்.

அந்தத் தொடர் சொல்வது இது. முழு ஆண்டுகளை எண்ணி முடித்த பிறகு சில மாதங்கள் மிஞ்சும். மிஞ்சியது ஆறு மாதத்தைத் தாண்டினால், அந்த மிச்சத்தையும் ஒரு முழு ஆண்டாக வைத்துப் பதினைந்து நாள் ஊதியம் தர வேண்டும். தாண்டவில்லை என்றால் மிச்சத்துக்கு ஒன்றும் கிடையாது. நடுவில் வேறு வழி இல்லை. ஏழு மாதத்துக்கு ஏழு மாத அளவு, பத்து மாதத்துக்குப் பத்து மாத அளவு என்று பங்கு போட்டுத் தருவது இங்கே நடப்பதில்லை. ஆறு மாதமும் ஒரு நாளும் மிஞ்சியவருக்கும் பதினொன்றரை மாதம் மிஞ்சியவருக்கும் ஒரே பலன்.

இதை ரூபாயில் பார்த்தால்தான் மனத்தில் நிற்கும். நம் ஆலைத் தொழிலாளியின் கடைசிச் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 19,500 ரூபாய். வீட்டு வாடகைப்படி, மிகைநேரக் கூலி, போனஸ் ஆகியவற்றை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு 26-ஆல் வகுத்து ஒரு நாள் ஊதியத்தைக் காண வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை போக மாதத்துக்கு 26 வேலை நாள் என்பது அதன் அடிப்படை. 19,500-ஐ 26-ஆல் வகுத்தால் 750 ரூபாய். அதைப் பதினைந்தால் பெருக்கினால் 11,250 ரூபாய். அவருடைய கணக்கில் ஓர் ஆண்டின் விலை இதுதான்.

பதினைந்து ஆண்டு என்று வைத்தால் 1,68,750 ரூபாய். ஆலை தருவதாகச் சொன்னது இந்தத் தொகை. பதினாறு ஆண்டு என்று வைத்தால் 1,80,000 ரூபாய். வித்தியாசம் 11,250 ரூபாய். சிலர் நடுநிலையாக நடந்துகொள்வதாக எண்ணி 15 ஆண்டு 7.3 மாதம் என்று பங்கு போட்டு ஏறத்தாழ 1,75,600 ரூபாய் என்று கொண்டுவருவார்கள். அதுவும் தவறுதான். அதைப் பார்க்கிறவருக்கு “மாதக் கணக்கையும் விடாமல் சேர்த்திருக்கிறார்கள்” என்று தோன்றும். அவருக்குச் சேர வேண்டியதில் நாலாயிரத்துச் சொச்சம் குறைந்திருப்பது கண்ணில் படாது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லா ஆண்டுகளுக்கும் கடைசிச் சம்பளமே அளவுகோல். 2009-இல் அவர் எவ்வளவு வாங்கினார் என்பது கணக்கில் வராது. ஆகவே அரைகுறையாக நின்று முழுமையாக்கப்படும் அந்த ஓர் ஆண்டும், அவர் வாழ்நாளிலேயே வாங்கிய அதிகச் சம்பளத்தின் விலையில் வருகிறது. நீண்ட நாள் வேலை பார்த்து நல்ல சம்பளத்தில் விலகுகிறவருக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய தொகை என்பது இதிலிருந்து விளங்கும்.

கோடு எந்த நாளில் விழுகிறது?

சட்டம் “ஆறு மாதமும் அதற்கு மேலும்” என்று சொல்லவில்லை. “ஆறு மாதத்துக்கு மேல்” என்றுதான் சொல்கிறது. சரியாக ஆறு மாதம் மிஞ்சினால் போதாது. ஒரு நாளாவது கூட இருக்க வேண்டும்.

இதைத் தேதி வைத்து எண்ணுவதே பிழையில்லாத வழி. மாதம் என்றால் காலண்டர் மாதம். பொதுச் சட்டக் கூறுகள் சட்டம் மாதம் என்ற சொல்லுக்குத் தரும் பொருளும் அதுவே. முப்பது நாள், நூற்றெண்பது நாள் என்றெல்லாம் போக வேண்டியதில்லை. நம்மவர் சேர்ந்தது 12.06.2009. சேர்ந்த நாளும் வேலை நாள்தான் என்பதால், அவருடைய ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 11 மாலையோடு முடிகிறது. பதினைந்தாவது ஆண்டு 11.06.2024 அன்று முடிந்தது. அடுத்த நாள், ஜூன் 12 அன்று, மிச்சக் கணக்கு தொடங்குகிறது. ஜூலை 11 வந்தால் ஒரு மாதம், ஆகஸ்ட் 11 வந்தால் இரண்டு மாதம். டிசம்பர் 11 அன்று ஆறு மாதம் நிறைகிறது. டிசம்பர் 12 அன்றும் அவர் வேலையில் இருந்தால் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டார்.

ஆக, டிசம்பர் 11 அவருடைய கடைசி நாளாக இருந்திருந்தால் 15 ஆண்டு, டிசம்பர் 12 என்றால் 16 ஆண்டு. ஒரே நாளில் 11,250 ரூபாய். எளிதாக நினைவு வைக்க வேண்டுமானால் சேர்ந்த தேதியோடு ஆறு மாதத்தைக் கூட்டுங்கள். ஜூன் 12 என்றால் டிசம்பர் 12. அந்தத் தேதியில் நீங்கள் பணியில் இருக்க வேண்டும். முந்தின நாளே விடுவிக்கப்பட்டிருந்தால் அந்த ஆண்டு இல்லை.

வேலையை விடப்போகிறவர்கள் இதை ராஜினாமாக் கடிதம் எழுதும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. நான் பார்த்தவரையில் இழப்பு பெரும்பாலும் அறிவிப்புக் காலத்தில்தான் நேர்கிறது. ஒருவர் ஒரு மாத அறிவிப்புக் கொடுக்கிறார். நிறுவனம் “நாளையே போகலாம், ஒரு மாதச் சம்பளத்தைத் தந்துவிடுகிறோம்” என்கிறது. அல்லது புதிய வேலையில் சீக்கிரம் சேர வேண்டும் என்று அவரே பணத்தைக் கட்டி முன்கூட்டி விடுபடுகிறார். அறிவிப்புக்குப் பதிலாகக் கைமாறுவது பணம் மட்டுமே. அதனால் பணிக்காலம் நீள்வதில்லை. விடுவிப்புக் கடிதத்தில் எந்தத் தேதி இருக்கிறதோ அதோடு பணி முடிகிறது. அந்த ஒரு மாதத்தை உண்மையில் வேலை பார்த்து முடித்திருந்தால் கோட்டைத் தாண்டியிருப்பார் என்ற நிலையில் பலர் இருந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போன பிறகு இதைத் திருத்த முடியாது.

எதிர்ப்பக்கத்தில், ஆறு மாதம் தாண்டாமல் நிற்கிற மிச்சம் மொத்தமாக விழுந்துவிடுகிறது. ஐந்து மாதம் இருபது நாள் உழைத்தவருக்கு அந்த நாள்களுக்காகப் பணிக்கொடையில் ஒரு ரூபாயும் வராது. இது கடுமையாகத்தான் தெரிகிறது. ஆனால் விதி இரு பக்கமும் ஒரே மாதிரி வெட்டுகிறது. ஏழு மாதக்காரருக்கு ஐந்து மாதத்தைச் சும்மா தருகிற அதே வரிதான் ஐந்து மாதக்காரரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

கணினி செய்கிற பிழை

சம்பளப் பிரிவுகளில் இப்போது இதைக் கையால் எண்ணுவதில்லை. விரிதாளில் ஒரு சூத்திரத்தைப் போட்டு நூறு பேருக்கு இழுத்துவிடுகிறார்கள். சேர்ந்த நாளிலிருந்து விலகிய நாள் வரை எத்தனை நாள் என்று எடுத்து, 365-ஆல் வகுத்து, வந்த விடையை அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்துவது வழக்கமான முறை. பெரும்பாலானோருக்கு இது சரியான விடையையே தரும். கோட்டுக்கு அருகில் நிற்பவர்களுக்குத் தவறிவிடும். பணம் கைமாறுவதும் அங்கேதான்.

நம்மவர் 11.12.2024 அன்று விலகியிருந்தால் என்று வைத்துப் பாருங்கள். சேர்ந்த நாளையும் சேர்த்து மொத்தம் 5,662 நாள். 365-ஆல் வகுத்தால் 15.51. திருத்தினால் 16. சட்டப்படி அவருக்குச் சரியாக ஆறு மாதமே மிஞ்சியது, ஆகவே 15 ஆண்டுதான். இடையில் வந்த நான்கு லீப் ஆண்டுகளின் கூடுதல் நாள்கள் விடையை மேலே தள்ளிவிட்டன.

சிலர் லீப் ஆண்டைச் சமாளிக்க 365.25-ஆல் வகுப்பார்கள். அது எதிர்த் திசையில் தவறும். 01.09.2010 அன்று சேர்ந்து 01.03.2023 அன்று விலகிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 31.08.2022 அன்று 12 ஆண்டு முடிகிறது. பிப்ரவரி 28 அன்று ஆறு மாதம் நிறைகிறது. மார்ச் 1 அன்றும் பணியில் இருந்ததால் அவருக்கு 13 ஆண்டு. ஆனால் பிப்ரவரி குறைந்த மாதம் அல்லவா? அந்த ஆறு மாதத்தில் மொத்தமே 181 நாள். அவருடைய 4,565 நாளை 365.25-ஆல் வகுத்தால் 12.498 வருகிறது. கணினி 12 என்று திருத்திவிடும். ஓர் ஆண்டு போய்விட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பதால் யாருக்கும் தெரிவதும் இல்லை.

தேதியையே தேதியோடு ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் எழாது. `A2`-இல் சேர்ந்த நாளும் `B2`-இல் கடைசி நாளும் இருந்தால் இப்படி எழுதலாம்:

```
=DATEDIF(A2,B2+1,"y")+IF(B2+1>EDATE(A2,12*DATEDIF(A2,B2+1,"y")+6),1,0)
```

முதல் பாதி முழு ஆண்டுகளை எண்ணுகிறது. இரண்டாம் பாதி, அந்த ஆண்டுகளுக்குப் பின் ஆறு மாதம் தாண்டியதா என்று பார்த்து, தாண்டியிருந்தால் ஒன்றைக் கூட்டுகிறது. `B2+1` என்று ஒரு நாளைக் கூட்டுவது கடைசி நாளையும் வேலை நாளாக எண்ணுவதற்காக. அதை விட்டுவிட்டால் சரியாக ஆறு மாதமும் ஒரு நாளும் மிஞ்சியவர் ஓர் ஆண்டை இழப்பார்.

நாற்பத்தைந்து நாள் எங்கே கழிந்தது

இப்போது ஆலைக்குத் திரும்புவோம். அவர்களுடைய கணக்கில் ஏழு மாதம் ஒன்பது நாள் எப்படிக் காணாமல் போனது? விசாரித்தபோது தெரிந்தது. கடைசி ஆண்டில் மனைவியின் அறுவை சிகிச்சைக்காக அவர் 45 நாள் விடுப்பு எடுத்திருந்தார். சம்பள விடுப்பு தீர்ந்துபோனதால் அது சம்பளமில்லா விடுப்பாகப் பதிவாகியிருந்தது. 12.06.2024 முதல் 20.01.2025 வரை மொத்தம் 223 நாள். அதிலிருந்து 45-ஐக் கழித்தால் 178. ஆறு மாதம் நிறைய அந்தக் காலத்தில் 183 நாள் வேண்டும். “ஆறு மாதம் ஆகவில்லை” என்று முடித்துவிட்டார்கள்.

சம்பளம் தராத நாளைப் பணிக்காலத்திலும் கழிப்பது பார்க்க இயல்பாகத் தோன்றும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தொடர்ச்சியான பணி என்றால் என்ன என்பதை 2அ பிரிவு விளக்குகிறது. நோய், விபத்து, விடுப்பு, வேலை இல்லாமல் உட்கார வைத்தல், வேலைநிறுத்தம், கதவடைப்பு ஆகியவற்றால் வேலை நின்றிருந்தாலும் பணி தொடர்ந்ததாகவே கொள்ள வேண்டும். விடுப்புக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்று அங்கே பிரிக்கவில்லை. அனுமதி பெறாமல் வராதிருந்த நாள்கூடத் தானாகக் கழிந்துவிடாது. நிலையாணைகளின்படி அதைப் பணி முறிவு என்று நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தால்தான் வேறு பேச்சு. வருகைப் பதிவேட்டில் ஒரு குறி போட்டிருப்பது உத்தரவு ஆகாது.

பணி உண்மையிலேயே இடையில் முறிந்தவர்களுக்கும் அந்தப் பிரிவு இன்னொரு வழியை வைத்திருக்கிறது. ஆறு மாத காலத்தில் 120 நாள் வேலை பார்த்திருந்தால் அந்த ஆறு மாதமும் தொடர்ந்து பணியில் இருந்ததாகக் கொள்ளலாம். சுரங்கத்துக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கும், வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடங்களுக்கும் 95 நாள் போதும். ஒரே ஆண்டு என்றால் இந்த எண்ணிக்கைகள் 240 என்றும் 190 என்றும் வரும். நம்மவருக்கு இந்த இரண்டாம் வழியே தேவைப்படவில்லை. அவர் எடுத்தது பதிவான விடுப்பு. பணி முறியவே இல்லை.

தகுதிகாண் காலமும் இதே போலத்தான். அது பணிக்காலத்தில் சேரும். சேர்ந்த நாள் என்பது நிரந்தரமாக்கிய நாள் அன்று. ஆனால் தொழிற்பழகுநராக இருந்த காலம் சேராது. பழகுநரைச் சட்டம் ஊழியராகவே கருதுவதில்லை. சேர்ந்த தேதி ஓராண்டு முன்னே பின்னே நகர்ந்தால் முழு ஆண்டு எண்ணிக்கையே மாறிவிடும், மாதக்கணக்கில் நகர்ந்தால் மிச்சம் கோட்டின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடும். ஆகவே கணக்கைச் சரிபார்க்கிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது நியமன ஆணை. சம்பளச் சீட்டில் அச்சாகியிருக்கும் தேதியை அப்படியே நம்ப வேண்டாம்.

ஐந்தாண்டு வாசலில் இந்த விதி உதவாது

இந்த விதியைப் பாதி தெரிந்துகொண்டவர்கள் செய்கிற பெரிய தவறு இது. “நாலு வருடம் ஏழு மாதம் ஆகிவிட்டது. ஆறு மாதம் தாண்டினால் ஒரு வருடமாமே, அப்படியானால் எனக்கு ஐந்து வருடம்” என்று நம்பி வேலையை விட்டுவிடுகிறார்கள்.

பணிக்கொடைச் சட்டத்தில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பணிக்கொடை பெறத் தகுதி உண்டா என்பது முதல் கேள்வி. அதற்கு விடை, குறைந்தது ஐந்தாண்டு தொடர்ச்சியான பணி. தகுதி உண்டு என்றால் எவ்வளவு என்பது இரண்டாம் கேள்வி. ஆறு மாத விதி இந்த இரண்டாம் கேள்விக்குள்தான் இருக்கிறது. வாசலைக் கடந்து உள்ளே வந்தவருக்கு அளந்து கொடுக்கிற படி அது. வாசலைக் கடக்க உதவுகிற படிக்கட்டு அன்று.

ஆனால் நான்கு ஆண்டு பத்து மாதக்காரர் சிலருக்குப் பணிக்கொடை கிடைத்திருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 4 ஆண்டு 10 மாதம் 18 நாள் வேலை பார்த்தவருக்குத் தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 1990-களிலேயே சொன்னது. அங்கே காரணம் வேறு. ஐந்தாவது ஆண்டில் அவர் 240 நாளைக் கடந்துவிட்டதால், 2அ பிரிவின்படி அந்த ஆண்டும் தொடர்ச்சியான பணி ஆகிவிட்டது. ஆறு மாத விதியை நீதிமன்றம் அங்கே தகுதிக்குப் பயன்படுத்தவில்லை. நாலு வருடம் ஏழு மாதக்காரருக்கு ஐந்தாவது ஆண்டில் ஒரு நாள்கூட விடாமல் எண்ணினாலும் 215 நாளைத் தாண்டாது. வாரத்தில் ஆறு நாள் இயங்கும் இடத்தில் அவர் 240-ஐ எட்டவே முடியாது. அவருக்கு வாசல் திறக்காது.

ஊழியர் இறந்துபோனாலோ உடல் ஊனமுற்று வேலை செய்ய முடியாமல் போனாலோ ஐந்தாண்டு நிபந்தனையே கிடையாது. அந்தக் குடும்பங்களிடம் “ஐந்து வருடம் ஆகவில்லை” என்று யாராவது சொன்னால் அதை ஏற்கக் கூடாது.

முழுமையாக்குவது ஒரே ஒரு முறைதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே நிறுவனத்தின் ஓர் ஆலையில் 6 ஆண்டு 7 மாதம், மாறுதலாகி இன்னொரு ஆலையில் 4 ஆண்டு 7 மாதம் வேலை பார்த்தவருக்கு 7-ஐயும் 5-ஐயும் கூட்டி 12 என்று போடக் கூடாது. இரண்டையும் சேர்த்தால் 11 ஆண்டு 2 மாதம். மிச்சம் ஆறு மாதத்தைத் தாண்டவில்லை. ஆகவே 11. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வெட்டி நிறுவனம் குறைத்துவிடவும் கூடாது, நாம் கூட்டிக்கொள்ளவும் கூடாது.

யாருக்கு இந்தக் கணக்கு, யாருக்கு வேறு

ஆலைகளுக்கும், பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். அரசு ஊழியர்களின் பணிக்கொடை ஓய்வூதிய விதிகளின்படி வருகிறது. அங்கே அளவு அரையாண்டு. மத்திய அரசு விதிகளில் மூன்று மாதமும் அதற்கு மேலும் மிஞ்சினால் அது ஓர் அரையாண்டாக எண்ணப்படும். ஆகவே ஒரே வீட்டில் அண்ணன் அரசு வேலையிலும் தம்பி ஆலையிலும் இருந்தால், ஒருவர் கணக்கை வைத்து மற்றவருக்குச் சொல்ல முடியாது.

21.11.2025 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. “ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி” என்ற தொடர் அதன் 53-ஆம் பிரிவில் அப்படியே தொடர்கிறது. மாறியவற்றில் முக்கியமானவை இரண்டு. ஊதியம் என்பதன் விளக்கம் விரிந்திருக்கிறது. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியத்தில் சேரும். அதனால் ஓர் ஆண்டின் விலை சிலருக்குக் கூடும். மற்றொன்று, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களைப் பற்றியது. அவர்களுக்கு ஐந்தாண்டு காத்திருப்பு இல்லை, பணிக்கொடை வேலை பார்த்த காலத்துக்கு ஏற்ற விகிதத்தில் வரும். நான் முன்பு தவறு என்று சொன்ன பங்குக் கணக்கு, அவர்களுக்கு மட்டும் சரியான கணக்கு.

நம் ஆலைத் தொழிலாளி சண்டை எதுவும் போடவில்லை. நியமன ஆணையின் நகல், விடுவிப்புக் கடிதம், விடுப்பு அனுமதித்த சீட்டு, கடைசிச் சம்பளச் சீட்டு ஆகிய நான்கையும் இணைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். சேர்ந்த நாள், கடைசி நாள், 15 ஆண்டு முடிந்த நாள், ஆறு மாதம் நிறைந்த நாள் என்று நான்கு தேதிகளை வரிசையாக எழுதி, “11.12.2024-க்குப் பின்னும் 40 நாள் பணியில் இருந்திருக்கிறேன். சம்பளமில்லா விடுப்பு பணி முறிவு ஆகாது” என்று முடித்தோம். பணிக்கொடையைத் தர வேண்டிய காலக்கெடு 30 நாள் என்பதையும், தாமதித்தால் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டி சேரும் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டோம். தரவில்லை என்றால் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம் என்று அவருக்குச் சொல்லிவைத்தேன். அதற்கு வேலை வரவில்லை. மூன்றாவது வாரம் அவருடைய வங்கிக் கணக்கில் 1,80,000 ரூபாய் வரவானது. திருத்திய தாளில் பணிக்காலம் என்ற இடத்தில், 15-ஐ அடித்துவிட்டுப் பேனாவால் 16 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.